காலை 8.00 மணி 6.40 ஆனபோது: வீட்டுக்கு வரும் சிஸ்டருக்கு எழுதிய செய்தி

அம்மாவுக்கு வயது 79. பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. முப்பது வருடச் சர்க்கரை, இரண்டு வேளை இன்சுலின், சிறுநீருக்கு டியூப், இடுப்புக்குக் கீழே ஒரு படுக்கைப் புண். மதுரை திருநகரில் எங்கள் வீட்டுக்கு ஒரு சிஸ்டர் காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் வந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அண்ணன் பதினொரு மணி வரை வீட்டில் இருப்பார் என்பதால் அந்த நேரம் வசதியாக இருந்தது. அண்ணனுக்குத் திருநெல்வேலிக்கு மாற்றல் வந்ததும் எல்லாம் குலைந்தது. நான் வேலை பார்க்கும் பள்ளி மேலூர்ப் பக்கம். காலை 7.50-க்கு நான் வீட்டை விட்டு இறங்கியாக வேண்டும். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் அக்கா எட்டு மணிக்கு வருவார். சோறு ஊட்டுவார், புரட்டிப் படுக்க வைப்பார், யூரின் பேக்கைக் காலி செய்வார். ஊசி போட மாட்டார்.

ஆக, சிஸ்டர் ஏழு மணிக்குள் வர வேண்டும். ஒரு வரியில் எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சிஸ்டர் வரும் நேரத்தை நகர்த்தினால் ஊசி நகரும். ஊசி நகர்ந்தால் சாப்பாடு நகரும், மதியச் சாப்பாடும் நகரும், இரவு ஊசியும் நகரும். இதில் எதையாவது ஒன்றைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டால் அங்கேதான் சிக்கல் வரும்.

முதலில் அனுப்பியது முடிவு அல்ல, கேள்வி:

"சிஸ்டர், வணக்கம். அண்ணனுக்குத் திருநெல்வேலிக்கு மாற்றல். ஜூன் 16 திங்கள்கிழமையிலிருந்து காலையில் நான் மட்டும்தான் இருப்பேன், 7.50-க்குக் கிளம்ப வேண்டும். காலை விசிட்டை 6.30-க்கும் 7.00-க்கும் நடுவில் வைக்க முடியுமா? இரவு விசிட்டை 7.00-க்கு வைக்க முடியுமா? உங்கள் மற்ற வீடுகளையும் பஸ்ஸையும் பார்த்துச் சொல்லுங்கள். முடியாவிட்டாலும் தயங்காமல் சொல்லுங்கள். முடிவாகும் வரை பழைய நேரமேதான்."

கடைசி வரி முக்கியம். நேரம் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் புது நேரத்துக்கு மாறிவிட்டதாக நினைப்பார், இன்னொருவர் பழைய நேரத்தில் காத்திருப்பார். நடுவில் ஒரு வேளை ஊசி விட்டுப்போகும்.

கேள்வியாகக் கேட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிஸ்டர் பெரியார் நிலையத்தில் பஸ் மாறி வருபவர். 6.40-க்கு எங்கள் வீட்டில் இருக்க வேண்டுமென்றால் ஐந்து மணிக்கு எழுந்து பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அதைச் செய்யச் சொல்வதற்கு நமக்கு உரிமை இருப்பதுபோல எழுதக் கூடாது. அதிகாலை வருகைக்குக் கூடுதலாகத் தருவதைப் பற்றி நானே முதலில் பேசினேன். அவர் கேட்கும் வரை காத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று இரவே போன் செய்தார். "காலைல 6.40-க்கு வந்துருவேன் அக்கா. ராத்திரிதான் முடியாது. ஏழு மணிக்குப் பழங்காநத்தத்துல ஒரு தாத்தா. அவருக்கும் ஊசிதான். அவரை மாத்தினா அங்க எல்லாமே மாறும்."

நியாயம்தான். ஆனால் காலை ஊசி ஏழு மணிக்கு, இரவு ஊசி பழையபடி எட்டே காலுக்கு என்று விடலாமா? அதை நானோ சிஸ்டரோ தீர்மானிக்க முடியாது. டாக்டரிடம் கேட்டோம்.

அம்மாவுக்குப் போடுவது 30/70 கலவை இன்சுலின். அதில் முப்பது பங்கு சீக்கிரம் வேலை செய்வது. சாப்பிட்டவுடன் ஏறும் சர்க்கரையை அது பார்த்துக்கொள்ளும். மீதி எழுபது பங்கு மெதுவாக வேலை செய்வது. காலையில் போட்டால் அதன் வேகம் மதியத்தை ஒட்டிக் கூடும். இரவில் போட்டால் நள்ளிரவுக்குப் பிறகு கூடும். அதனால்தான் இந்த ஊசியை இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கும் அரை மணி நேரம் முன்னால், ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் போடச் சொல்கிறார்கள். டாக்டர் சொன்னது இது: அளவு மாற வேண்டாம், காலை 18 யூனிட், இரவு 10 யூனிட். ஆனால் சாப்பாடு ஊசியோடு சேர்ந்து நகர வேண்டும். மதியச் சாப்பாடு 1.30-லிருந்து 12.30-க்கு வர வேண்டும். காலை 10.30-க்கும் மாலை நான்கு மணிக்கும் சிறு உணவு தவறக் கூடாது. இரவு ஊசியும் ஏழே காலை ஒட்டி வர வேண்டும். மாற்றம் தொடங்கும் நாட்களில் சாப்பாட்டுக்கு முன், படுக்கும் முன், ஓரிரு நாள் விடிகாலை மூன்று மணிக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும். (இந்த யூனிட் கணக்கெல்லாம் என் அம்மாவுக்கு அவருடைய டாக்டர் சொன்னது. உங்கள் வீட்டுக்கு உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.)

அவர் சொன்ன இன்னொன்று எனக்கு உடனே தோன்றியிராது. திங்கள் காலையிலிருந்து மாற்றம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். ஞாயிறு இரவு ஊசியைப் பழையபடி எட்டே காலுக்குப் போட்டுவிட்டு மறுநாள் காலை ஏழுக்கே போட்டால் இடைவெளி பதினொரு மணி நேரத்துக்கும் குறைந்துவிடும். முந்தைய ஊசியின் வால் இருக்கும்போதே அடுத்தது போய்ச் சேரும். அதனால் மாற்றம் ஞாயிறு இரவே தொடங்கட்டும் என்றார். ஞாயிறு காலை 8.15, இரவு 7.15, திங்கள் காலை 7.00. இப்படி வந்தால் எந்த இடைவெளியும் அதிகம் சுருங்காது.

அப்போதும் இரவு ஏழே காலுக்குச் சிஸ்டர் இருக்க மாட்டார். அந்த ஊசியை நானே போடக் கற்றுக்கொள்வது என்று முடிவானது.

சிஸ்டர் கற்றுக்கொடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஊசி குத்துவதற்கு முன்னால் சிரிஞ்சின் மூடியைத்தான் காட்டினார். நம் ஊர் மருந்துக் கடையில் கிடைக்கும் பாட்டில் இன்சுலினில் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும். அதற்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லியில் 100 யூனிட். அந்தச் செறிவுக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். 40 பாட்டிலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 18 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது ஏழு யூனிட் சொச்சம்தான், சர்க்கரை எகிறும். 100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 18 கோடு வரை இழுத்தால் 45 யூனிட் போய்விடும். இது உயிருக்கே ஆபத்து. "கோட்டைப் பார்க்குறதுக்கு முன்னாடி மூடியைப் பாருங்க, பாட்டில்ல 40-ஆ 100-ஆன்னு படிங்க" என்றார்.

அதற்குப் பிறகுதான் மற்றது. பால்போல் கலங்கியிருக்கும் அந்த மருந்தைக் குலுக்காமல் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் மெதுவாக உருட்ட வேண்டும். அடியில் வெள்ளையாகத் தங்கியிருப்பது முழுக்கக் கலக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்து அளவு தப்பும். காற்றுக் குமிழியைத் தட்டி வெளியேற்றிவிட்டு மறுபடி கோட்டைச் சரிபார்க்க வேண்டும். சில வேளைகள் அவர் பார்க்க நான் போட்டேன். காலை ஊசி வயிற்றின் வலப்பக்கம், இரவு ஊசி இடப்பக்கம், தினமும் முந்தின நாள் குத்திய இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி என்று பிரித்துக்கொண்டோம். ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் அங்கே தடித்துப் போய் மருந்து சரியாக இறங்காது.

காலை வேலையின் வரிசையும் மாறியது. பழைய நேரத்தில் சிஸ்டர் வந்ததும் ஊசி போட்டுவிட்டு, சாப்பாட்டுக்கான அரை மணி நேரத்தில் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செய்வார். புண் கொஞ்சம் முரண்டு பிடித்து நேரம் இழுத்தாலும் அண்ணன் இருந்தார், பதற்றம் இல்லை. புது நேரத்தில் டிரெஸ்ஸிங் இழுத்தால் சாப்பாடு தள்ளும். ஊசி உள்ளே போய்ச் சாப்பாடு தள்ளினால் சர்க்கரை இறங்கும். அதனால் முதலில் சர்க்கரை பார்ப்பது, அடுத்து டிரெஸ்ஸிங், கடைசியாக ஏழு மணிக்கு ஊசி என்று சிஸ்டரே மாற்றிச் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனை போட்டார்: இட்லி வெந்து ஹாட்பாக்ஸில் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஊசி. இன்றைக்கும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சிரிஞ்சைக் கையில் எடுக்கிறார்.

எல்லாம் முடிவான பிறகு வியாழக்கிழமை மாலை அனுப்பிய செய்தி இது. தேதியில்லாமல் "நாளையிலிருந்து" என்று எழுதினால், சிஸ்டர் வேலையெல்லாம் முடித்து இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் படிக்கும்போது அது எந்த நாளை என்று தெரியாது. அதனால் கிழமையும் தேதியும் சேர்ந்தே இருக்கும்.

"சிஸ்டர், வணக்கம். திருநகர் அம்மா, நேர மாற்றம் (முடிவானது).

ஜூன் 15 ஞாயிறு காலை மட்டும் வழக்கம்போல் 8.00.
ஜூன் 15 ஞாயிறு இரவு முதல்: உங்கள் இரவு விசிட் 8.30.
ஜூன் 16 திங்கள் முதல்: உங்கள் காலை விசிட் 6.40.

காலை இன்சுலின் 18 யூனிட்: நீங்கள், 7.00-க்கு.
இரவு இன்சுலின் 10 யூனிட்: நான், 7.15-க்கு. நீங்கள் போட வேண்டாம்.
டிரெஸ்ஸிங்: காலை, ஊசிக்கு முன். வலி மாத்திரை 5.50-க்கு நான் கொடுத்துவிடுவேன்.
சிறுநீர்க் கணக்கு: இனி காலை 6.40 முதல் மறுநாள் 6.40 வரை.
மாறாதவை: இன்சுலின் அளவு, மற்ற மாத்திரைகள், சாவி இருக்கும் இடம்.

டாக்டர் எழுதிய சீட்டு நோட்டுக்குள் இருக்கிறது. படித்ததும் காலை நேரம், இரவு நேரம், இரவு ஊசி யார் போடுவது, இந்த மூன்றையும் நீங்கள் திருப்பி எழுதி அனுப்புங்கள்."

இதையே சுருக்கி ஒரு வாய்ஸ் மெசேஜும் அனுப்பினேன். பஸ்ஸில் நின்றுகொண்டு வருபவருக்குக் கேட்பது எளிது. ஆனால் பத்து நாள் கழித்து ஒரு விஷயத்தைத் தேடிப் பார்க்க எழுத்துதான் வேண்டும்.

திருப்பி எழுதச் சொன்னது அதிகப்படி என்று அண்ணன் சிரித்தார். கட்டைவிரல் படம் வந்தால் செய்தி போய்ச் சேர்ந்தது என்று மட்டும்தான் தெரியும். சிஸ்டரிடமிருந்து வந்த பதில்: "காலை 6.40. இரவு 8.30. இரவு ஊசி நீங்க. அக்கா, அப்போ நைட் சுகர் நான் பார்க்கணுமா வேணாமா?"

நல்ல கேள்வி. முன்பு அவர் எட்டு மணிக்கு வந்து சாப்பாட்டுக்கு முன் பார்த்துவந்தார். இனி 8.30-க்கு அவர் வரும்போது அம்மா 7.45-க்குச் சாப்பிட ஆரம்பித்து முடித்திருப்பார். அப்போது பார்த்தால் எண் கூடுதலாகத்தான் வரும். பழைய எண்களோடு வைத்துப் பார்த்தால் சர்க்கரை திடீரென்று ஏறிவிட்டதுபோல் தோன்றும். ஆகவே ஏழு மணிக்கு ஊசிக்கு முன் நானே பார்ப்பது, படுக்கும் முன் பத்து மணிக்கு ஒரு முறை பார்ப்பது, சிஸ்டர் இரவில் டியூப்பையும் முதுகையும் ரத்த அழுத்தத்தையும் பார்ப்பது என்று பிரித்தோம். நோட்டில் சர்க்கரை எண்ணுக்குப் பக்கத்தில் "சா.மு." அல்லது "சா.பி." என்று எழுதுவது அப்போது வந்த பழக்கம்.

சிறுநீர்க் கணக்கும் இதே மாதிரிதான். சிஸ்டர் காலை எட்டு முதல் மறுநாள் எட்டு வரை கணக்குப் பார்த்துவந்தார். கணக்கு 6.40-க்கு நகர்ந்த முதல் நாளில் 24 மணி நேரம் முழுதாக இருக்காது, ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் குறையும். அன்றைய எண்ணைப் பார்த்து "சிறுநீர் குறைந்துவிட்டது" என்று யாரும் பயப்பட வேண்டாம் என்பதற்காக, நோட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே "காலை 8.00 முதல் 6.40 வரை மட்டும்" என்று எழுதினோம்.

இனி நோட்டைப் பற்றி. வந்தவுடன் சிஸ்டரிடம் என்ன சொல்வது என்பதில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பாணி. அண்ணன் நாள் முழுக்க நடந்ததைக் கதையாகச் சொல்வார். ஒருநாள் சிஸ்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணே, கடைசியா எப்போ, எவ்வளவுன்னு மட்டும் மொதல்ல சொல்லிருங்க. அப்புறம் மத்ததைப் பேசிக்கிட்டே வேலை பார்க்கலாம்." அதையே வைத்து நோட்டின் பக்கத்தை அமைத்தேன். மேலே முதல் வரி எப்போதும் ஊசிதான். ஒரு இரவுப் பக்கம் இப்படி இருக்கும்:

"ஜூன் 17, செவ்வாய், இரவு.
இன்சுலின்: 10 யூனிட், 7.15, வயிறு இடப்பக்கம். போட்டாச்சு. போட்டது நான்.
சர்க்கரை: 7.05-க்கு 168, சா.மு.
சாப்பாடு: 7.45-க்கு ஒன்றரை தோசை (வழக்கம் இரண்டு), பால் அரை டம்ளர்.
சிறுநீர்: மாலை 6.00-க்குப் பேக் காலி, 450 மி.லி., மஞ்சள், கலங்கல் இல்லை.
கடைசியாகப் புரட்டியது: 8.00, வலப்பக்கம்.
புண்: டிரெஸ்ஸிங் பிரியவில்லை, நனையவில்லை.
புதிது: வலது குதிகாலில் சிவப்பு, அழுத்தினால் வெளுக்கிறது."

"சோர்வாக இருக்கிறார்" என்பதை இதில் எழுதுவதில்லை. யார் பார்த்தாலும் எழுபத்தொன்பது வயதில் படுத்திருப்பவர் சோர்வாகத்தான் தெரிவார். "வழக்கம் இரண்டு, இன்று ஒன்றரை" என்று எழுதினால் சிஸ்டர் அதைக்கொண்டு ஏதாவது செய்ய முடியும். அன்று பத்து மணிக்கு மறக்காமல் பார்க்கச் சொன்னதற்கு அந்த அரைத் தோசைதான் காரணம். குதிகால் வரியும் அப்படித்தான். அழுத்தினால் வெளுத்துத் திரும்பும் சிவப்பு என்றால் தோல் இன்னும் கெடவில்லை. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அடுத்த புண்ணின் தொடக்கம் அது. சிஸ்டர் உடனே கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்தார். இரண்டு நாளில் சிவப்பு போய்விட்டது.

"போட்டாச்சு" என்ற சொல்லுக்கு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். ஊசியை வெளியே எடுத்த கையோடு, சிரிஞ்சை டப்பாவில் போட்டுவிட்டு, வேறு எதையும் தொடுவதற்கு முன் எழுதுவது. முன்கூட்டியே எழுதி வைப்பது கூடாது. ஊசிக்கு முன்னால் போன் அடித்து எழுந்து போனால் நோட்டில் ஊசி போட்டதாக இருக்கும், உடம்பில் இருக்காது. சாப்பாடு முடிந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்பதும் கூடாது. அந்த இடைவெளியில் யாராவது வந்து மறுபடி போடலாம். போட்டோமா இல்லையா என்று உறுதியாகத் தெரியாத ஒரு வேளை வந்தால் மறுபடி போடாமல், சர்க்கரையைப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார் சிஸ்டர்.

புது நேரத்தின் முதல் வாரத்தில் ஒரு மதியம் பகல் அக்காவிடமிருந்து போன் வந்தது. ஃபேனுக்குக் கீழே படுத்திருந்தும் அம்மாவுக்குக் கழுத்திலும் நெற்றியிலும் வியர்வை, கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடுகிறார் என்றார். பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவின் பேச்சு தெளிவில்லை. தலை சுற்றுகிறது, படபடக்கிறது என்று அவரால் சொல்ல முடியாது. குளிர்ந்த வியர்வைதான் எங்களுக்கு அடையாளம். குளுக்கோமீட்டரில் 64. எழுபதுக்குக் கீழே என்றால் காத்திருக்கக் கூடாது. நினைவு இருக்கிறதா, விழுங்குகிறாரா என்று கேட்டேன். தலைமாட்டை உயர்த்தி உட்கார வைத்து, மூன்று ஸ்பூன் குளுக்கோஸைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்தார். நினைவு இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே 108 ஆம்புலன்ஸ்தான் என்பதைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம். கால் மணி நேரம் கழித்து 92. அதற்குப் பிறகு சோறு.

ஊசி அளவில் தவறில்லை. பதினொரு மணிக்கு வர வேண்டிய பிசியோதெரபி தம்பி அன்று பத்து இருபதுக்கே வந்துவிட்டார். 10.30 கஞ்சி அப்படியே நின்றுபோனது, அதற்கு மேல் முக்கால் மணி நேரக் கைகால் பயிற்சி வேறு. பழைய நேரத்தில் இப்படி நடந்திருந்தால் ஒருவேளை தாங்கியிருக்கும். காலைச் சாப்பாடு 8.45-க்குத்தான் தொடங்கியிருக்கும். புது நேரத்தில் 7.30-க்குச் சாப்பிட்ட இட்லி அதற்குள் கரைந்துவிட்டது. அன்று மாலை பிசியோதெரபி தம்பிக்கு அனுப்பியது இரண்டே வரி: "10.30 கஞ்சி முடிந்த பிறகே பயிற்சி. சீக்கிரம் வந்தால் கஞ்சி குடித்துவிட்டாரா என்று அக்காவிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், தம்பி." சிஸ்டரின் நோட்டிலும் 64, நேரம், காரணம், என்ன கொடுத்தோம் என்று ஏறியது. அவர் அதை டாக்டருக்கு அனுப்பினார். டாக்டர் அளவைத் தொடவில்லை, சாப்பாட்டு நேரத்தை மட்டும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்.

டியூப் மாற்றும் நாளுக்கு 6.40 சரிப்படாது. அது அவசரமாகச் செய்கிற வேலை இல்லை. மாற்றிய பிறகு சிறுநீர் சரியாக இறங்குகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்திருக்க வேண்டும். அதைச் சனிக்கிழமைக்கு ஒதுக்கிவிட்டோம். அடுத்து மாற்ற வேண்டிய தேதி யூரின் பேக்கில் ஒட்டிய பிளாஸ்திரியில் இருக்கும்.

பெரிய சோதனை ஜூலையில் வந்தது. சிஸ்டர் ஊரில் ஒரு காதுகுத்துக்குப் போனார். அவரை அனுப்பும் நிறுவனம் மாற்றாக இன்னொரு சிஸ்டரை அனுப்பியது. இரவு எட்டு மணிக்கு வந்து நின்றார், எட்டரைக்கு அல்ல. நான் அடுப்படியில் இருந்தேன், அம்மா சாப்பிட்டு முடிக்கும் தறுவாயில் இருந்தார். புது சிஸ்டர் கை கழுவிவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்து இன்சுலின் பாட்டிலை எடுத்துவிட்டார். கையில் இருந்த நிறுவனத் தாளில் "இரவு 8.00, இன்சுலின் 10 யூனிட்" என்று அச்சாகியிருந்தது. நேரம் மாறி ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒருங்கிணைப்பாளருக்கு முன்பே அதே செய்தியை அனுப்பியிருந்தேன், "நோட் பண்ணிக்கிறோம் மேடம்" என்று பதிலும் வந்திருந்தது. தாளில் மட்டும் அது ஏறவில்லை.

நல்லவேளை, அவர் பழக்கப்பட்டவர். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே நோட்டைப் புரட்டினார். முதல் வரியிலேயே "7.15, போட்டாச்சு." என்னைக் கூப்பிட்டு, "அக்கா, இது இன்னிக்குத் தேதிதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் பாட்டிலைத் திரும்ப வைத்தார். அந்த இரண்டாவது பத்து யூனிட் உள்ளே போயிருந்தால் நள்ளிரவில் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கியிருக்கும், விடியும் வரை எங்களுக்குத் தெரிந்திருக்காது.

அவர் கேட்ட கேள்வியிலிருந்து இன்னொன்றும் செய்தோம். நோட்டில் ஒரு நாளுக்கு ஒரு பக்கம், மேலே தேதி பெரிதாக, முடிந்த பக்கங்களைச் சேர்த்து ஒரு கிளிப். திறந்தால் இன்றைய பக்கம் மட்டுமே கண்ணில் படும். ஃபிரிட்ஜில் இன்சுலின் வைத்திருக்கும் டப்பாவின் மூடியிலும் ஒட்டினேன்: "காலை 7.00 சிஸ்டர். இரவு 7.15 மகள். எடுக்கும் முன் நோட்டு பார்க்கவும். சிவப்பு மூடி சிரிஞ்ச் மட்டும்." ஊசி போட வருகிற எவரும் அந்த டப்பாவைத் தொடாமல் போட முடியாது.

ஒருங்கிணைப்பாளரிடம் மறுநாள் காலை பேசினேன். கோபமாகத்தான் பேசினேன். திருத்திய தாளின் படத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் வரை போனை வைக்கவில்லை. வந்த படத்தில் காலை நேரம் சரியாக இருந்தது, இரவு விசிட் 8.30 என்று இருந்தது. அதற்குக் கீழே இன்சுலின் வரி அப்படியே நின்றது. மறுபடி கூப்பிட்டு அதை எடுக்கச் சொல்லி, "இரவு இன்சுலின் வீட்டார் போடுவர்" என்று எழுத வைத்தேன். எங்கள் சிஸ்டர் ஊரிலிருந்து திரும்பி வந்ததும் முதல் வேலையாக அந்தத் தாளை வாங்கி வரிவரியாக நோட்டோடு வைத்துப் பார்த்தார். அவரது பையில் கிடந்த பழைய தாளையும் எடுத்துக் கிழித்துப் போட்டார்.